பலகை இல்லையா, இறங்காதே

புதிதாகப் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கும் இடத்தில் முதலில் பயப்பட வேண்டியது பள்ளத்தின் சுவருக்குத்தான். ஜே.சி.பி. தோண்டியதும் சுவர் கத்தியால் வெட்டியதுபோல நேராக நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் தைரியமாக இறங்குகிறார்கள். காலையில் வேலை தொடங்குமுன் சூப்பர்வைசர் ஐந்து பத்து நிமிடம் பேசும் ‘டூல்பாக்ஸ் டாக்’ அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ஹெல்மெட், ஷூ, மின்சாரம், குடிதண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒரே காலையில் சொன்னால் எதுவும் மனதில் தங்காது. ஒரு நாளுக்கு ஒரு விதி, அதுவும் அன்றைய வேலைக்கு உரியது. ஆபீஸ் அறையில் பேசாமல் பள்ளத்துப் பக்கம், விளிம்பிலிருந்து தள்ளி நின்று பேச வேண்டும். இரண்டரை மீட்டர் ஆழப் பள்ளம் ஒன்றின் முன் அந்தப் பேச்சு இப்படிப் போகலாம்:

“எல்லாரும் கிட்ட வாங்க. இன்னைக்கு ஒரே விஷயம்தான். பள்ளம் உங்க தோளுக்கு மேல ஆழமா இருந்தா, ரெண்டு பக்கமும் பலகையும் குறுக்கே முட்டும் இல்லாம யாரும் இறங்கக் கூடாது. கீழே விழுந்த டேப்பை எடுக்கணும்னாலும் கூடாது. அவசரத்துல நானே இறங்கச் சொன்னாலும் இறங்காதீங்க.

“நேத்து தோண்டினது நல்லாத்தானே நிக்குதுன்னு தோணும். மண்ணுல இருக்குற ஈரம்தான் இப்போ அதைப் பிடிச்சு வச்சிருக்கு. வெயில்ல காஞ்சா வெடிப்பு விடும், மழை பெஞ்சா ஊறி இளகிடும். பக்கத்துல லாரி போனாலும் அதிரும். நேத்து நின்ன சுவர் இன்னைக்கும் நிக்கும்னு சொல்ல முடியாது.

“சுவர்ல ரெண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், அரை மீட்டர் கனத்துக்கு ஒரு துண்டு பேந்து விழுதுன்னு வைங்க. ஒன்றரை கன மீட்டர் மண்ணு. கிட்டத்தட்ட ஐம்பது சிமென்ட் மூட்டை கனம், ஒரே நேரத்துல மேல விழும். ஓடி ஏற நேரம் இருக்காது. சரி, இப்போ ராஜு சொல்லு, விதி என்ன?”

விதிகளில் எழுதியிருக்கும் அளவு 1.5 மீட்டர், அதாவது ஐந்தடி. பள்ளத்துக்குப் பக்கத்தில் டேப்பை யார் விரிக்கப் போகிறார்கள்? தோளளவு என்றால் சித்தாள் முதல் மேஸ்திரி வரை யாரும் நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலோருக்குத் தோள் ஐந்தடிக்குக் கீழேதான் இருக்கும் என்பதால் தவறினாலும் பாதுகாப்பான பக்கம்தான் தவறும். பழைய குழாய்ப் பள்ளம் பக்கத்தில் ஓடினாலோ, தண்ணீர் கசிந்தாலோ அதற்குக் குறைந்த ஆழத்தையும் நம்பக் கூடாது.

கடைசியில் கேட்ட கேள்வியை விட்டுவிடக் கூடாது. இன்று பல சைட்டுகளில் பாதிப்பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். தமிழில் சொன்னதற்குத் தலையாட்டுவார்கள்; புரிந்ததா என்பது வேறு. அவர்களில் ஒருவரையே இந்தியில் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுப் பிறகு கையெழுத்துத் தாளை நீட்டலாம். பல இடங்களில் தாள் நிரம்புவதற்காகவே பேச்சு நடக்கிறது.

நெஞ்சு வரை மட்டும் மண் மூடினாலும் ஆள் பிழைப்பது கடினம். மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு சுருங்கும். அந்த இடைவெளியில் மண் இறுகிவிடும். அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடம் இருக்காது. பார்த்துக்கொண்டிருப்பவர் பதறிக் குதித்தால், முதல் சரிவில் ஆட்டம் கண்ட சுவர் அவர் மேலும் விழலாம். ஜே.சி.பி. பக்கெட்டால் தோண்டினால் உள்ளே இருப்பவரையே வெட்டிவிடும். தீயணைப்புத் துறையின் 101 எண்ணை உடனே அழைத்து, விளிம்பிலிருந்து ஆட்களையும் வண்டிகளையும் விலக்கி வைப்பதுதான் செய்யக்கூடியது.

விளிம்புக்கு இணையாகத் தரையில் கீறல் ஓடுவது, சுவர் உப்புவது, சின்னக் கட்டிகள் உதிர்வது எல்லாம் அறிகுறிகள். ஆனால் எதுவும் காட்டாமலே சுவர் விழுவதும் உண்டு. அதனால் ‘கீறல் இருந்தால் இறங்காதே’ என்பதை விதியாக வைக்க முடியாது; பலகைதான் விதி. அந்தப் பலகையையும் முட்டையும் மேலிருந்து கீழாகப் போட வேண்டும், கழற்றும்போது கீழிருந்து மேலாக. போடுகிறவரும் முட்டில்லாத பகுதிக்குள் நிற்கக் கூடாது.

பேச்சு முடிந்ததும் ஓர் ஆள் கட்டாயம் கேட்பார்: “முட்டு வண்டி வர்றதுக்கு மதியம் ஆயிடும், சார். அதுவரைக்கும் எங்க கூலி?” ஆட்களைக் கூட்டுவதற்கு முன்பே கான்ட்ராக்டரிடம் பேசி, காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று சூப்பர்வைசர் முடிவு வாங்கி வைத்திருக்க வேண்டும். வாங்காவிட்டால் பத்து மணிக்குள் யாராவது பள்ளத்தில் இறங்கியிருப்பார்கள்.