பெயர் மாறியது, எண் மாறியதா?

யுடிஐ வங்கி 2007-இல் ஆக்சிஸ் வங்கி ஆனது. பெயர் புதிது, நிறுவனம் பழையதுதான். சிறு கம்பெனிகளுக்கும் இதே கதைதான். ஆனால், "எங்கள் பெயரும் முகவரியும் மாறிவிட்டன" என்று இரண்டு வரியில் கடிதம் வந்தால், சரக்கு கொடுப்பவரின் கணக்காளர் குழம்பிப்போகிறார். அவர் பில் போட வேண்டியது பழைய ஜிஎஸ்டி எண்ணிலா, புதிய எண்ணிலா?

பெயர் மட்டும் மாறினால் பதில் எளிது. புதிய பெயரில் பதிவுச் சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து மாற்றம் செல்லும். பான் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் அப்படியே இருக்கும். அவற்றில் பெயரைத்தான் திருத்த வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் இதற்கு 15 நாள் கெடு. லெட்டர்பேடிலும் பில்லிலும் பழைய பெயரை இரண்டு ஆண்டுகள் சேர்த்தே அச்சிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். பழைய பெயரில் ஆர்டர் கொடுத்தவர் புதிய பில்லைப் பார்த்துத் திகைக்காமல் இருக்க அது உதவும்.

மாநிலம் மாறும்போதுதான் சிக்கல். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். ஓசூரில் இருக்கும் ஒரு பட்டறை எல்லை தாண்டி பெங்களூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் கொஞ்சம்தான், ஆனால் அங்கே புதிதாகப் பதிவு செய்து வேறு எண் வாங்கியாக வேண்டும்.

அந்தப் பட்டறைக்கு ஓசூர் வியாபாரி ஒருவர் ஒரு லட்ச ரூபாய்க்கு உதிரிபாகம் அனுப்புகிறார். வரி 18 சதவீதம். இதுவரை மத்திய ஜிஎஸ்டி 9,000, மாநில ஜிஎஸ்டி 9,000 என்று பிரித்துப் போட்டார். சரக்கு இனி பெங்களூரில் இறங்குவதால் ஐஜிஎஸ்டி என்று 18,000-ஐ ஒரே வரியாகப் போட வேண்டும். தொகை ஒன்றுதான், வரியின் வகை வேறு. விவரம் தெரியாமல் பழைய 33 எண்ணிலேயே அவர் பில்லை ஏற்றிவிட்டால், புதிய பதிவின் 2பி அறிக்கையில் அந்த 18,000 வராது. பில்லைத் திருத்தும்வரை வரி வரவு கிடைக்காமல் பட்டறையின் பணம் முடங்கும். மாதாமாதம் 2பி-யை வாங்கிய பில்களோடு ஒப்பிட்டால் தவறு உடனே தெரியும்.

ஆகவே கடிதத்தில் பழைய எண், புதிய எண், எந்தத் தேதியில் அனுப்பும் சரக்கிலிருந்து மாற்றம் என்ற மூன்றும் வேண்டும். சான்றிதழ் நகல்களையும் இணைக்க வேண்டும். மாறாதவற்றையும் எழுதுவது அதே அளவு முக்கியம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை" என்ற ஒரு வரி பெரிய மோசடியைத் தடுக்கும். பெயர் மாற்றச் செய்தி வெளியாகும் நேரம் பார்த்து, போலி மின்னஞ்சலில் புதிய கணக்கு எண் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால் அதில் உள்ள தொலைபேசி எண்ணை நம்பாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் பேசி உறுதி செய்த பிறகு பணம் அனுப்புங்கள்.