விற்பனை குறைந்த பங்குகளில் ஆர்டர் போடும் முறை

தினமும் சில ஆயிரம் யூனிட்டுகள் மட்டுமே கைமாறும் சிறிய பங்குகள் புர்சா மலேசியாவில் பல உண்டு. அவற்றில் திரையில் தெரியும் விலை ஒன்று, கையில் கிடைக்கும் விலை வேறு. இந்த இடைவெளியைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 20,000 யூனிட் வாங்க நினைக்கிறார். விற்பவர்களின் வரிசையில் 51 சென்னுக்கு 5,000, 52 சென்னுக்கு 5,000, 53.5 சென்னுக்கு 10,000 யூனிட் உள்ளன. அவர் மார்க்கெட் ஆர்டர் போட்டால் மூன்று படிகளையும் அது விழுங்கிவிடும். சராசரி விலை 52.5 சென். 10,200 ரிங்கிட் என்று கணக்கிட்டவர் 10,500 ரிங்கிட் கொடுப்பார்.

இதற்கு மாறாக, "52 சென்னுக்கு மேல் வாங்குவதில்லை" என்பதை விதியாக்கி லிமிட் ஆர்டர் போட்டால், 10,000 யூனிட் சராசரி 51.5 சென்னுக்குக் கிடைக்கும். மீதி வரிசையில் காத்திருக்கும். அன்று மாலைக்குள் கிடைக்காவிட்டால் ரத்து என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும். விலை ஏறிப்போனால் மீதிப் பங்கு கிடைக்காது. லிமிட் ஆர்டருக்குக் கொடுக்கும் விலை அதுதான்.

விற்கும்போது சிக்கல் அதிகம். அந்த 10,000 யூனிட்டுக்கு 48 சென்னில் ஸ்டாப் ஆர்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 48 சென்னில் வெறும் 100 யூனிட் கைமாறினாலே அது மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும். அப்போது வாங்குபவர்கள் 48 சென்னுக்கு 2,000, 46.5 சென்னுக்கு 3,000, 44 சென்னுக்கு 5,000 கேட்டு நின்றால், சராசரியாகக் கிடைப்பது 45.55 சென்தான்.

ஸ்டாப் லிமிட் ஆர்டரில் இரண்டு விலைகள் உண்டு. 48 சென்னில் ஆர்டர் விழித்துக்கொள்ளும், 46.5 சென்னுக்குக் கீழே விற்காது. இதே வரிசையில் 5,000 யூனிட் விற்கும், 5,000 கையில் தங்கும். கெட்ட செய்தியால் மறுநாள் சந்தை 43 சென்னில் திறந்தால் அந்த மீதி விற்காமலே கிடக்கும். ஆகவே மூன்றாவது விதி ஒன்று தேவை: குறிப்பிட்ட நேரத்துக்குள் விற்காவிட்டால், லிமிட்டைக் குறைத்து எப்படியாவது வெளியேறுவதா, வைத்திருப்பதா என்பதை வாங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

பழைய விலைகளை வைத்து இந்த விதிகளைச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை லிமிட்டைத் தொட்டாலே பங்கு கிடைத்துவிட்டதாகக் கணக்கிட்டால் லாபம் பொய்யாகக் கூடும். வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்கே முதலில் கிடைக்கும். விலை லிமிட்டைத் தாண்டிக் கீழே சென்றால் மட்டுமே வாங்கியதாக எடுத்துக்கொள்வது நேர்மையான கணக்கு.

எந்த ஆர்டரும் இல்லாத வாங்குபவரை உருவாக்காது. வரிசை தாங்கும் அளவுக்கே வாங்குவதுதான் முதல் பாதுகாப்பு.