விடையின் இரு முனைகள்

12 வோல்ட் பேட்டரி, 100 கிலோ ஓம் மின்தடை, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மூன்றும் தொடராக இணைந்திருக்கின்றன. மின்தேக்கியில் ஏற்கெனவே 4 வோல்ட் தேங்கியிருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அதன் மின்னழுத்தம் எப்படி ஏறும்? லாப்லாஸ் உருமாற்றத்தில் போட்டால் விடை இப்படி வரும்:

V(s) = (4s + 12) / (s(s + 1))

இதை நேரத்துக்குத் திருப்ப, பின்னங்களாகப் பிரித்து அட்டவணையைத் தேட வேண்டும். அதற்குமுன், விடை தேறுமா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

விடையை s-ஆல் பெருக்குங்கள்: (4s + 12)/(s + 1). s-ஐ மிகப் பெரிதாக்கினால் இது 4 ஆகும். இது சுவிட்ச் போட்ட கணத்தின் மதிப்பு. தொடக்க மதிப்புத் தேற்றம். s-ஐச் சுழியாக்கினால் 12. இது நெடுநேரம் கழித்து நிலைக்கும் மதிப்பு. இறுதி மதிப்புத் தேற்றம். இரண்டும் கணக்கே போடாமல் நமக்குத் தெரிந்தவைதாம். மின்தேக்கியின் மின்னழுத்தம் இந்தச் சுற்றில் சட்டென்று தாவாது, ஆகவே தொடக்கம் 4. நிரம்பியபின் மின்னோட்டம் நின்றுவிடும், ஆகவே முடிவில் பேட்டரியின் 12.

எதற்காக s-ஆல் பெருக்குகிறோம்? f(t)-இன் மாறும் வேகத்தை உருமாற்றினால் sF(s) − f(0) கிடைக்கிறது. s பெரிதானால் e^(−st) எல்லாவற்றையும் நசுக்கிவிடும்; மிஞ்சுவது sF(s) = f(0). s சுழியானால் எதுவும் நசுங்காது. நடந்த மாற்றம் முழுவதும் கூடி, sF(s) இறுதி மதிப்பாகிறது.

மாணவர்கள் அதிகம் மறப்பது அந்த 4 வோல்ட்டைத்தான். மறந்தால் 12/(s(s + 1)) வரும். இறுதி மதிப்பு 12 சரியாகவே தெரியும். தொடக்கம் 0 என்று வந்து குட்டு உடைந்துவிடும். குறி மாறிப்போனால் −4 வரும். ஒரு முனையை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது.

இரண்டையும் பார்த்தாலும் தப்பிவிடும் பிழை உண்டு. (4s + 24)/(s(s + 2)) என்று எழுதியிருந்தால் தொடக்கம் 4, முடிவு 12. ஆனால் சரியான விடை 12 − 8e^(−t). இதுவோ 12 − 8e^(−2t), இரு மடங்கு வேகம். மின்தடையைப் பாதியாகப் போட்டால் இப்படித்தான் ஆகும். நடுவில் என்ன நடக்கிறது என்பதைத் தேற்றங்கள் பார்ப்பதில்லை. RC பெருக்கத்தைத் தனியே சரிபார்க்க வேண்டியதுதான்.

இறுதி மதிப்புத் தேற்றம் பொய் சொல்லும் இடமும் இருக்கிறது. மின்தடையே இல்லாமல் 1 ஹென்றி சுருளும் 1 ஃபாரட் வெற்று மின்தேக்கியும் 12 வோல்ட்டில் இணைந்தால் V(s) = 12/(s(s² + 1)). தேற்றம் கூசாமல் 12 என்கிறது. உண்மையில் மின்னழுத்தம் 0-க்கும் 24-க்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். இறுதி மதிப்பு என்ற ஒன்றே கிடையாது. ஆகவே முதலில் sF(s)-இன் பகுதி எந்த s-களில் சுழியாகிறது என்று பாருங்கள். அவை எல்லாவற்றின் மெய்ப்பகுதியும் எதிர்மறையாக இருந்தால்தான் வரும் எண்ணை நம்பலாம். RC சுற்றில் அது −1. இங்கே ±j, மெய்ப்பகுதி சுழி.