வாட்ஸ்அப்பில் வந்த செலானும் மூன்று அனுமதிகளும்

இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. உங்கள் வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டது, ஆயிரம் ரூபாய் அபராதம், விவரத்துக்குக் கீழே உள்ளதைத் திறந்து பாருங்கள் என்கிறது. கீழே ஒரு கோப்பு: RTO Challan.apk. அனுப்பியிருப்பவர் முன்பின் தெரியாதவர் அல்ல. தினமும் காலை வணக்கம் அனுப்பும் ஒன்றுவிட்ட மச்சான்.

இதே கோப்பு வேறு பெயர்களிலும் வருகிறது. கல்யாணப் பத்திரிகை என்று வரும், வங்கியின் கேஒய்சி என்று வரும், பிஎம் கிசான் பட்டியல் என்று வரும். பெயர்தான் மாறுகிறது, உள்ளே நடக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அவரிடம் ஒரு டிவிஎஸ் வண்டியும் ஓர் ஆண்ட்ராய்டு போனும் இருக்கின்றன. போனில் யுபிஐ இருக்கிறது.

ஏபிகே என்பது படமோ பிடிஎஃப்போ அல்ல. ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை முழுதாகக் கட்டி வைத்த பொட்டலம். பிளே ஸ்டோரில் ‘இன்ஸ்டால்’ அழுத்தும்போதும் இதே வகைப் பொட்டலம்தான் போனுக்குள் இறங்குகிறது. ஸ்டோர் நமக்குப் பதிலாக அதை வாங்கி, ஓரளவு சோதித்து, நிறுவித் தருகிறது. வாட்ஸ்அப்பில் வரும்போது அந்த இடையாள் இல்லை. ஐபோனில் இந்தக் கோப்பு ஓடவே ஓடாது. அதனால் இந்த மோசடி ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களையே குறிவைக்கிறது.

அண்ணாச்சி கோப்பைத் தொடுகிறார். போன் மறுக்கிறது. இந்த மூலத்திலிருந்து வரும் தெரியாத செயலிகளை நிறுவ இந்தப் போனுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வருகிறது. பக்கத்திலேயே Settings என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் Allow from this source என்ற வரியும் ஒரு சுவிட்சும் வரும். அண்ணாச்சி சுவிட்சைத் தள்ளுகிறார்.

இந்த இடத்தில்தான் பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். செலான் கோப்புக்கு அனுமதி கொடுத்ததாக அண்ணாச்சி நினைக்கிறார். உண்மையில் அவர் அனுமதி கொடுத்தது வாட்ஸ்அப்புக்கு. இனிமேல் வாட்ஸ்அப் வழியாக எந்த ஏபிகே வந்தாலும் இந்தக் கேள்வி வராது. ‘நிறுவவா?’ என்று மட்டும்தான் போன் கேட்கும். தானாக அணையவும் செய்யாது. அவரே போய் அணைக்கும்வரை அந்த சுவிட்ச் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். Unknown sources என்று போன் முழுமைக்கும் ஒரே சுவிட்ச்தான் இருந்தது. அதைத் தள்ளினால் பிரவுசர், மெயில், புளூடூத் எது வழியாக வந்தாலும் எல்லாமே நுழையலாம். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 அதை மாற்றி, கோப்பைக் கொண்டுவரும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அனுமதி என்று ஆக்கியது. நல்ல திருத்தம்தான். ஆனால் மறுப்புப் பெட்டியிலேயே அனுமதிப் பக்கத்துக்கு வழியும் காட்டிவிடுவதால், அவசரத்தில் இருப்பவர் இரண்டு தட்டில் கடந்துவிடுகிறார். அபராதம் என்று கேட்டதும் யாருக்குத்தான் அவசரம் வராது?

செயலி இறங்கிவிட்டது. அரசுச் சின்னம், பெரிய எழுத்தில் தலைப்பு, எல்லாம் பொருத்தமாக இருக்கிறது. திறந்ததும் ‘புதுப்பிக்க வேண்டும்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பழைய கேள்வியே மறுபடி வருகிறது: இந்த மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா? அண்ணாச்சிக்கு இது முதலில் பார்த்த அதே பெட்டி போலத் தெரிகிறது. ஆனால் இந்த முறை ‘மூலம்’ வாட்ஸ்அப் அல்ல, அந்தச் செலான் செயலியே.

இப்படி இரண்டு அடுக்காக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் செயலி எஸ்எம்எஸ் எதையும் கேட்பதில்லை, பார்க்க அப்பாவியாக இருக்கும். போனில் உள்ள பிளே புரொடெக்ட் சோதித்தாலும் பிடிக்க அதிகம் இல்லை. விஷம் இரண்டாவது பொட்டலத்தில் இருக்கும். திரையில் அதற்கு ஐகானே தெரியாமல் போகலாம், அல்லது ஏதோ கூகுள் சேவை போன்ற பெயரில் உட்கார்ந்திருக்கலாம். நேற்று வந்த ஒரு செயலி இன்னொரு செயலியை நிறுவ அனுமதி கேட்கிறது என்றால், அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. செலான் காட்டும் செயலிக்கு அந்த வேலை எதற்கு?

மூன்றாவது அனுமதி எஸ்எம்எஸ். படிக்கவும் அனுப்பவும் கேட்கிறது. சில செயலிகள் போனின் முதன்மை எஸ்எம்எஸ் செயலியாகவே தன்னை ஆக்கச் சொல்லும். அப்படி ஆக்கிவிட்டால், வங்கி அனுப்பும் எச்சரிக்கையை நம் கண்ணில் படாமல் மறைக்கவும் அதனால் முடியும். அதன்பின் ஒரு படிவம் வருகிறது: சரிபார்ப்புக்காக ஒரு ரூபாய் கட்டுங்கள், டெபிட் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் நிரப்புங்கள். ஒரு ரூபாய்தானே என்று அண்ணாச்சி நிரப்பிவிட்டுத் தூங்கப் போகிறார்.

ஒரு ரூபாய் அவர்களுக்குத் தேவையில்லை. யுபிஐ எப்படிப் பதிவாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். புதுப் போனில் யுபிஐ செயலியைத் திறந்தால், முதலில் நம் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போகும். இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று வங்கி அதை வைத்து நம்புகிறது. பிறகு புது பின் வைக்க, டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் வேண்டும், கூடவே ஓர் ஓடிபி. எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடன் தன் போனில் அண்ணாச்சியின் எண்ணைப் போட்டுத் தொடங்குகிறான். போக வேண்டிய எஸ்எம்எஸ்ஸை அண்ணாச்சியின் போனில் இருக்கும் செயலி அனுப்புகிறது. வரும் ஓடிபியை அதுவே அவனுக்குத் தள்ளிவிடுகிறது. கார்டு விவரம் படிவத்தில் ஏற்கனவே வந்துவிட்டது. அண்ணாச்சியின் பழைய பின் அவனுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. பின்னை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற அறிவுரையை அண்ணாச்சி கடைசிவரை மீறவில்லை.

அதே ஓடிபி வழியில் அவருடைய வாட்ஸ்அப்பும் திருடன் கைக்குப் போகிறது. மறுநாள் அதே கோப்பு அண்ணாச்சியின் பெயரில் சங்கத்து குரூப்புக்கும் குடும்பத்து குரூப்புக்கும் போகும். மச்சானிடமிருந்து வந்ததும் இப்படித்தான்.

கூகுள் சும்மா இருக்கவில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படி வெளியிலிருந்து இறங்கிய செயலிகள் போன் திரையையே இயக்கும் அக்ஸஸிபிலிட்டி வசதியைக் கேட்டால் Restricted setting என்று தடுக்கும். 2023 அக்டோபரில், அறிமுகமில்லாத செயலியை நிறுவும் நேரத்திலேயே அதன் நிரலைச் சோதிக்கும் வசதியை இந்தியாவில்தான் முதலில் தொடங்கினார்கள். மறுநாள் புதுப் பொட்டலம் கட்டிவிடும் கும்பலுக்கு இவை தடைக்கற்கள், சுவர் அல்ல. போனில் பேசிக்கொண்டே ‘அந்த பிளே புரொடெக்ட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க சார்’ என்று நிதானமாகச் சொல்லித் தருபவர்களும் உண்டு. அந்த வாக்கியம் காதில் விழுந்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

இதைப் படித்துவிட்டு வெளியிலிருந்து வரும் எல்லாமே விஷம் என்று முடிவு கட்ட வேண்டாம். கட்டற்ற மென்பொருள்களைத் தரும் எஃப்-டிராய்டு 2010 முதல் இயங்குகிறது. சிக்னல் தன் ஏபிகேவைத் தன் தளத்திலேயே தருகிறது. 2018-ல் ஃபோர்ட்நைட் விளையாட்டு பிளே ஸ்டோரைத் தவிர்த்து நேரடியாக வந்தது. அந்த நிறுவியிலும் ஓர் ஓட்டை இருந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது, எபிக் நிறுவனம் உடனே அடைத்தது. இந்தக் கதவை அடைத்தே விட வேண்டும் என்ற கட்சி நான் அல்ல. எங்கிருந்து வருகிறது என்பதை நாமே தேடிப் போய் எடுப்பது வேறு, நம்மைத் தேடி வருவதைத் திறப்பது வேறு.

கையெழுத்து என்று ஒன்று இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு ஏபிகேவும் ஒரு டிஜிட்டல் கையெழுத்தோடுதான் வரும். ஆனால் அந்தச் சாவியை யாரும் வீட்டிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். செய்தவர் யார் என்று அது சொல்லாது. பழைய பதிப்பைச் செய்தவரும் புதிய பதிப்பைச் செய்தவரும் ஒருவரே என்று மட்டும் சொல்லும். கையெழுத்து மாறினால் ஆண்ட்ராய்டு பழையதன் மேல் புதியதை ஏற்றாது. கூடுதல் வசதி என்று சொல்லி வரும் ‘மோட்’ செயலிகள் பல, ஸ்டோரிலிருந்து வந்ததை முதலில் நீக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த நிபந்தனையே அது அசல் கம்பெனி செய்ததில்லை என்பதற்குச் சாட்சி.

அண்ணாச்சி காலையில் கடைக்கு எதிரே இருக்கும் மொபைல் கடைப் பையனிடம் போகிறார் என்று வையுங்கள்.

“தம்பி, ராத்திரி இதை அழிச்சிட்டேன். இப்போ சரிதானே?”

“எதை அழிச்சீங்க அண்ணாச்சி? வாட்ஸ்அப்ல வந்த மெசேஜையா, செயலியையா?”

கோப்பு அழிந்தாலும் நிறுவிய செயலி இருக்கும். அதைவிட முக்கியமானது ஒன்று: செயலியையே நீக்கினாலும் திருடன் போனில் பதிவான யுபிஐ அப்படியே இருக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் ஏர்பிளேன் மோடு போட்டு, சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுவது நல்லது. இனி வரும் ஓடிபிகள் அங்கேதான் வரும். அந்தப் போனிலிருந்தே வங்கியை அழைத்து கார்டையும் யுபிஐயையும் முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் 1930-ஐ அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் பதிய வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் நேர்ந்ததாகவே இருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எனவே அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வைப்பது பின்னால் உதவும்.

அப்புறம்தான் போன். செட்டிங்ஸில் செயலிகளின் முழுப் பட்டியலைத் திறந்து, அன்றைக்கு வந்தவை எல்லாவற்றையும் நீக்க வேண்டும், ஐகான் தெரியாததையும் சேர்த்து. Uninstall மங்கலாக இருந்தால் Device admin apps பக்கத்தில் அதன் அதிகாரத்தை முதலில் பறிக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் படங்களை எடுத்து வைத்துவிட்டு போனை முழுதாக ரீசெட் செய்வதே நல்லது. கடைசியாக Install unknown apps பக்கத்தில் வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் எல்லாவற்றிலும் சுவிட்சை அணைக்கலாம். பெரும்பாலான போன்களில் Special app access என்பதன் கீழே இது இருக்கும், சாம்சங்கில் Security பகுதியில் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் ஒருமுறை இதைத் திறந்து பாருங்கள்.

வாட்ஸ்அப்பை மீட்டெடுத்ததும் இரண்டு அடுக்கு பின் வைத்துக்கொள்ள வேண்டும். குரூப்பில் உள்ளவர்களுக்கு விஷயத்தைச் சொல்வதானால் போன் செய்தே சொல்லிவிடுங்கள். அண்ணாச்சி பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு போயிருக்கும்போது, அதே பெயரில் வரும் ‘அதைத் திறக்காதீங்க’ என்ற செய்தியை எத்தனை பேர் நம்புவார்கள்?