உங்களுக்குத் தெரியுமா? 7.75 மணி என்றால் 7 மணி 75 நிமிடம் அல்ல!

வருகைப் பதிவேட்டில் 7.75 என்று இருந்தால் அது ஏழே முக்கால் மணி நேரம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடமல்ல, ஒரு மணியின் பங்கு. அதை மட்டும் 60ஆல் பெருக்கினால் நிமிடம் வந்துவிடும்: 0.75 × 60 = 45. ஆக, 7 மணி 45 நிமிடம்.

கூலி போடும்போது இந்த மாற்றமே தேவையில்லை. மணிக்கு 120 ரூபாய் என்றால் 7.75 × 120 = 930 ரூபாய். 7 மணி 45 நிமிடத்தை 7.45 என்று எழுதிப் பெருக்கினால்தான் வம்பு. 894 ரூபாய்தான் வரும். ஒரே நாளில் 36 ரூபாய் போச்சு. 26 நாளும் இப்படியே போனால் 936 ரூபாய், ஒரு நாள் கூலிக்கும் மேல்!

புள்ளிக்குப் பின் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தசமம்தான், சந்தேகமில்லை. 7.45 போன்றவைதான் ஏமாற்றும். தசமமாகப் படித்தால் அது 7 மணி 27 நிமிடம். வந்த நேரம், போன நேரம், இடைவேளை மூன்றையும் பார்த்துத்தான் எதுவென்று சொல்ல முடியும்.

எக்செல் வேறு வகையில் காலை வாரும். அது நேரத்தை ஒரு நாளின் பங்காக வைத்திருக்கும். A2 கட்டத்தில் 7:45 என்று போட்டு நேரே 120ஆல் பெருக்கினால் கிடைப்பது 38.75 ரூபாய். 24ஆலும் பெருக்க வேண்டும்:

```
=A2*24*120
```