சப்டைட்டிலை எடுத்தா ஏன் புரிய மாட்டேங்குது?

ஆங்கிலப் படங்களை வருஷக்கணக்கா சப்டைட்டிலோட பார்க்கிறவங்க பலர் சொல்றது இது: "எழுத்து இருந்தா எல்லாம் புரியுது, எடுத்துட்டா பாதி போயிடுது." காரணம் எளிமையானது. எழுத்து திரையில் வந்தவுடன் கண் படித்து முடித்துவிடுகிறது. காதுக்கு வேலையே இல்லை. அந்த இரண்டு மணி நேரம் நடந்தது வாசிப்புப் பயிற்சி.

பெரும்பாலும் பிரச்சினை தெரியாத சொற்களில் இல்லை, தெரிந்த சொற்களின் ஒலியில் இருக்கிறது. தமிழில் ஒவ்வொரு அசையையும் ஓரளவு முழுசாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத சின்னச் சொற்கள் நசுங்கிப் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்' என்பது வேகமான பேச்சில் 'ஐ ஷுடவ் டோல்டிம்' என்று வரும். இரண்டு 'ஹ'வும் காணாமல் போய்விடும். படித்தால் பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற வாக்கியம், காதில் விழும்போது புதிராகிவிடுகிறது.

இதற்குச் சரியான பயிற்சி, கேட்டு எழுதுவது. இரண்டு நிமிடப் பகுதி ஒன்றை எடுங்கள். முதலில் எழுத்தில்லாமல் முழுசாகக் கேட்டு, என்ன நடந்தது என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு அதில் இருபது விநாடியை மட்டும் நிறுத்தி நிறுத்தி, ஐந்து தடவைக்கு மேல் போகாமல், காதில் விழுந்தபடி எழுதுங்கள். அதற்கப்புறம்தான் ஆங்கில எழுத்தைத் திறக்க வேண்டும். தமிழ் சப்டைட்டில் இங்கே உதவாது, ஒலியோடு ஒப்பிட முடியாது.

மேலே சொன்ன வாக்கியத்தை ஒருவர் 'ஐ ஷுட் ஆஃப் டோல்ட் எம்' என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அகராதியைத் திறக்க வேண்டியதில்லை. 'ஹேவ்' நசுங்கினால் 'அவ்' ஆகும் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமல் அந்த இடத்தை மறுபடி கேட்டு, கூடவே அதே வேகத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். வாயில் வந்த ஒலி அடுத்த முறை காதில் சுலபமாகப் பிடிபடும். தெரியாத சொல்லால் விட்டதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

எழுத்துக்கும் ஒலிக்கும் வித்தியாசம் இருந்தால் எப்போதும் உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள். படிக்க நேரம் வேண்டும் என்பதற்காக சப்டைட்டிலில் வசனத்தைச் சுருக்குவது வழக்கம். ஆங்கிலத்துக்கு டப் செய்த படங்களில் இரண்டும் ஒத்துப்போகாதது இன்னும் அதிகம். அதனால் முதல் இரண்டு மாதம் எழுத்து வடிவத்தோடு வரும் பாட்காஸ்ட் நல்லது; பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' போதும். மூன்றாம் மாதம் படத்துக்கு வரலாம். 1957இல் வந்த '12 ஆங்ரி மென்' கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறையில் நடக்கிற வாக்குவாதம். சண்டைச் சத்தம் குறுக்கே வராது.

தினம் இருபது நிமிடம் போதும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இதுவரை கேட்காத ஒரு நிமிடப் பகுதியை எழுதி, விட்டுப்போன சொற்களை எண்ணுங்கள். பழைய பகுதியில் சோதித்தால் மனப்பாடம்தான் தெரியும். எண்ணிக்கை குறையவில்லை என்றால், விட்டது தெரிந்த சொல்லா தெரியாத சொல்லா என்று பாருங்கள். தெரியாத சொல்தான் அதிகம் என்றால், நீங்கள் எடுத்த பகுதி இப்போதைக்குக் கடினம். இன்னும் எளிதான ஒன்றுக்கு இறங்குங்கள்.