கைப்பேசியில் வாங்கும் பொருளுக்கு மறைமுகக் கட்டணமா? முறையிடும் வழி

மருந்துத் தெளிப்பான், தார்ப்பாய், சொட்டுநீர்க் குழாய், மோட்டார் உதிரிப் பாகம் முதலியவற்றைக் கைப்பேசி மூலம் வாங்கும் பழக்கம் கிராமங்களிலும் பரவி விட்டது. கடைத்தெருவுக்குப் போய்வரும் பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் கண்ட விலை ஒன்றாகவும், கடைசியில் கட்டிய தொகை வேறாகவும் இருப்பதாகப் பல விவசாயிகள் குறைப்படுகிறார்கள். இதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. எந்தக் கட்டணம் முறையானது, எது முறையற்றது, யாரிடம் எப்படி முறையிடுவது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஓர் உதாரணம்

பதினாறு லிட்டர் கொள்ளளவுள்ள பேட்டரித் தெளிப்பான் ஒன்றை ஒரு சிறு விவசாயி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் விலை ரூ.2,800 என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. முகவரியும் பின்கோடும் கொடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் அனுப்பும் செலவு ரூ.160, கையாளும் கட்டணம் ரூ.49, பொருள் வந்தபின் பணம் தருவதற்குக் கட்டணம் ரூ.60 என்று வரிசையாகச் சேருகின்றன. இவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், 'கூடுதல் உத்தரவாதம் ரூ.249' என்ற கட்டத்தில் முன்னதாகவே டிக் அடிக்கப்பட்டிருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆகமொத்தம் கட்டிய தொகை ரூ.3,318. சொன்ன விலைக்கு மேல் ரூ.518 அதிகம், அதாவது நூறு ரூபாய்க்குப் பதினெட்டு ரூபாய்க்கும் மேல்.

ஒன்பதாம் நாள் தெளிப்பானின் பம்பு கசிகிறது. திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டபோது, 'திருப்பி அனுப்பும் லாரிச் செலவு உங்களுடையது, பொருளின் விலையில் நூற்றுக்குப் பதினைந்து பிடித்துக்கொள்வோம்' என்கிறார்கள். அந்தப் பிடித்தம் மட்டும் ரூ.420. இந்த நிபந்தனை வாங்கும்போது எந்தப் பக்கத்திலும் கண்ணில் படவில்லை. பில்லின் பின்பக்கத்தில்தான் இருந்தது.

எது முறையானது, எது முறையற்றது?

அனுப்பும் செலவு வாங்குவதே குற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. பொருளை நூறு கல் தொலைவிலிருந்து கொண்டுவரச் செலவு ஆகத்தான் செய்யும். அதை ஆரம்பத்திலேயே தெரிவித்து வாங்கினால் அது முறையான கட்டணமே. மறைத்து வாங்குவதுதான் தவறு.

2020-ஆம் ஆண்டில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். அனுப்பும் செலவு, கையாளும் செலவு, வரி ஆகியவற்றையும், கட்டாயம் எது, விருப்பம் எது என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, உத்தரவாதம் எவ்வளவு காலம் என்பதையும் வாங்கு முன்பே தெரிவிக்க வேண்டும். வாங்குபவரின் சம்மதத்தை அவரே டிக் அடித்துத் தர வேண்டும். முன்னதாகவே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது.

2023 நவம்பர் மாதம் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் இதை மேலும் தெளிவாக்கின. அதில் தடை செய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று முறைகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதலாவது, விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்து, சொட்டுநீர்ப் பாசனம் போலச் சொட்டுச் சொட்டாகப் பின்னால் சேர்ப்பது. இரண்டாவது, வாங்குபவர் கேட்காத பொருளையோ சேவையையோ அவருடைய கூடைக்குள் நுழைத்து விடுவது.

மேற்கண்ட உதாரணத்தில் ரூ.249 உத்தரவாதம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. விவசாயி கேட்கவே இல்லை. ஆகவே அதைத் திரும்பக் கேட்கும் உரிமை மிக வலுவானது. கையாளும் கட்டணமும் மற்றவையும் முதல் வகை. 'கடைசிப் பக்கத்தில் காட்டினோம், நீங்களே பொத்தானை அழுத்தினீர்கள்' என்று விற்பவர் வாதாடுவார். முதல் பக்கத்தில் ரூ.2,800 மட்டுமே காட்டப்பட்டது என்பதற்கு ஆதாரம் இருந்தால்தான் அந்த வாதம் நிற்காது. பழுதான பொருளைப் பொறுத்தவரை, அதைத் திருப்பி எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதே விதிகள் கூறுகின்றன.

வரி பற்றியும் ஒரு சொல். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளிட்டது. அந்த விலைக்கு மேல் 'ஜி.எஸ்.டி. தனி' என்று கேட்டால் அது தவறு.

ஆதாரம் சேர்க்கும் முறை

விலைப் பக்கத்தை நாளை மாற்றிவிடலாம். ஆகவே வாங்கும்போதே திரையைப் படம் பிடித்து வைக்க வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் திரை படமாகிவிடும். மூன்று படங்கள் தேவை: முதல் விலை தெரியும் பக்கம், கட்டணங்கள் சேர்ந்த கூடைப் பக்கம், பணம் கட்டும் முன் உள்ள கடைசிப் பக்கம். இவற்றோடு ஆர்டர் எண் வந்த குறுஞ்செய்தி, வங்கிச் செய்தி, பில் ஆகியவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது வேறொருவரை வீடியோ எடுக்கச் சொல்வது நல்லது. பம்பு முதலிலேயே பழுதாக வந்ததா, பிறகு பழுதானதா என்ற சச்சரவு எழுந்தால் அது கைகொடுக்கும்.

முறையீட்டின் மூன்று படிகள்

முதல் படி, விற்ற நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தன் பக்கத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். தொலைபேசியில் பேசினால் சாட்சி இராது. எழுத்திலேயே அனுப்ப வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

'ஆர்டர் எண் ..., தேதி ... நான் வாங்கிய தெளிப்பானின் விலை முதல் பக்கத்தில் ரூ.2,800 எனக் காட்டப்பட்டது. என்னிடம் ரூ.3,318 பெறப்பட்டது. என் சம்மதமின்றி உத்தரவாதத்துக்கு ரூ.249 சேர்க்கப்பட்டது. பம்பு ஒன்பதாம் நாளில் கசிகிறது. திருப்பி அனுப்பும் செலவும் பிடித்தமும் வாங்கும்போது தெரிவிக்கப்படவில்லை. பொருளைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு ரூ.3,318 முழுவதையும் திருப்பித் தர வேண்டுகிறேன். படங்கள் ஐந்து இணைத்துள்ளேன்.'

கோபச் சொற்கள் வேண்டாம். தேதி, தொகை, கேட்பது என்ன என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் போதும்.

இரண்டாம் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in என்ற தளத்திலும் பதியலாம். பதிந்ததும் ஒரு புகார் எண் தருவார்கள். அதைக் குறித்து வைக்க வேண்டும். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்வு தேடித் தருவார்கள். ஆனால் இது நீதிமன்றம் அன்று. பணத்தைக் கொடு என்று ஆணையிட இவர்களுக்கு அதிகாரம் இல்லை. நிறுவனம் மசியாவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் தில்லியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி. கட்டிய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. e-jagriti.gov.in தளத்தின் வழியாகவும் மனுத் தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

ஒரே நிறுவனம் ஊரில் பலரிடமும் இதே முறையில் பணம் பறித்திருந்தால், எல்லோரும் கூடி மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். ஒரு வகுப்பாக நுகர்வோரைப் பாதிக்கும் புகார்களை ஆட்சியரிடம் அளிக்க அதே சட்டத்தில் இடம் உண்டு.

விவசாயி நுகர்வோரா?

'தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்' என்று சில விற்பனையாளர்கள் மிரட்டுவார்கள். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் கடையில் வைத்து விற்க வாங்கிய தெளிப்பானுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பல தெளிப்பான்களை வாங்கி ஆள் வைத்து வாடகைக்கு விடுபவருக்கும் சிக்கல் எழலாம். பில் விவசாயியின் சொந்தப் பெயரில் இருப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

விற்பவரின் முகவரியும் குறைதீர் அலுவலர் பெயரும் இல்லாத பக்கத்தில் வாங்காமல் இருப்பதே மேல். அத்தகைய விற்பவரைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாததால் மேற்சொன்ன மூன்று படிகளும் பயன்படா. வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பொதுத் தேடலில் எடுத்தால் மோசடிக்காரர்களின் எண்ணும் வந்து நிற்கும். ஆர்டர் போட்ட தளத்துக்குள்ளேயே பார்த்து எடுக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதற்கு யாரும் ஓ.டி.பி. எண்ணையோ ரகசிய எண்ணையோ கேட்க மாட்டார்கள். கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

பொருள் வந்தபின் பணம் தரும் முறையில், ஒப்புக்கொண்டதைவிட அதிகத் தொகை கேட்டால் பெட்டியை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். பணம் கட்டும் பொத்தானைத் தொடும் முன் கடைசிப் பக்கத்தை அடிவரை நகர்த்திப் பார்த்து, டிக் அடித்திருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் படித்து, வேண்டாததை நீக்குதல் வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். மேற்கண்ட விவசாயி அதைச் செய்திருந்தால் ரூ.249 அவர் கையிலேயே இருந்திருக்கும்.